ஏழாவது ஷரத்தும் 1,685 ரூபாயும்

2021 நவம்பர் தொடக்கத்திலிருந்து நாலரை மாதம் பெட்ரோல் பங்கு போர்டில் ஒரு எண்ணும் மாறவில்லை. 2022 மார்ச் 22-ஆம் தேதி காலை அது அசைந்தது. அன்று தொடங்கி கிட்டத்தட்ட தினமும் எழுபது, எண்பது பைசாவாக ஏறிக்கொண்டே போய், ஏப்ரல் 6-ஆம் தேதி சென்னையில் ஒரு லிட்டர் டீசல் 100 ரூபாய் 94 பைசாவில் நின்றது. அதற்கு முன்பு இருந்த விலை 91 ரூபாய் 43 பைசா. பதினாறு நாளில் 9 ரூபாய் 51 பைசா ஏற்றம்.

கார் வைத்திருப்பவர் புலம்பிக்கொண்டே டேங்கை நிரப்பிக்கொண்டு போனார். லாரி வைத்திருப்பவர் நிலைமை அப்படியல்ல. வருஷ ஒப்பந்தத்தில் ஒரு கம்பெனிக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தால், வாடகை ஏற்கெனவே எழுதி முடிந்துபோன விஷயம். ஏறிய டீசலுக்கான பணத்தை யார் தலையில் கட்டுவது என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது. பதில் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்ட தாளில் ஒரு பத்தியாக இருந்திருக்க வேண்டும். இருந்த இடங்களில் ஒரு போன் பேச்சில் காரியம் முடிந்தது. இல்லாத இடங்களில் கெஞ்சலும் கோபமுமாகப் போனது. இருந்தும் அதைச் சரியாகச் சுட்டிக்காட்டத் தெரியாமல் சண்டையான இடங்களும் உண்டு. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த மூன்றாவது ரகத்தைப் பற்றியது.

ஒரு மாதிரிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். கம்பெனியும் ஒப்பந்தமும் வாடகையும் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. டீசல் விலைகளும் தேதிகளும் உண்மையானவை.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனம். தூத்துக்குடி துறைமுகத்திலிருந்து காலி கன்டெய்னரைக் கொண்டுவந்து, சரக்கு ஏற்றி, திரும்பத் துறைமுகத்தில் சேர்ப்பது ஒரு டிரான்ஸ்போர்ட்காரரின் வேலை. போக வர ஏறக்குறைய 700 கிலோமீட்டர். நாற்பதடி டிரெய்லர் லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர் கொடுத்தால் ஒரு டிரிப்புக்கு 200 லிட்டர் டீசல் ஆகும். டிரிப் வாடகை 36,000 ரூபாய். ஒப்பந்தம் 2022 மார்ச் 1-ஆம் தேதி தொடங்குகிறது. நம் ஊரில் இந்தத் தாள்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஏழாவது ஷரத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"இந்த வாடகை, 2022 மார்ச் 1 அன்று சென்னையில் இந்தியன் ஆயில் பங்குகளின் சில்லறை டீசல் விலையான லிட்டருக்கு ரூ. 91.43-ஐ அடிப்படையாகக் கொண்டது. வாடகையில் டீசலின் பங்கு 45 சதவீதம். ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று உள்ள விலை, அடிப்படை விலையைவிட 5 சதவீதத்துக்கு மேல் ஏறியோ இறங்கியோ இருந்தால், அந்த முழுச் சதவீதத்துக்கும் ஏற்ப டீசல் பங்கு மட்டும் அந்த மாதம் முழுவதும் கூட்டியோ குறைத்தோ கணக்கிடப்படும்."

மூன்று வாக்கியம்தான். மே மாதம் வந்த தகராறுக்கான பதில் முழுவதும் இதற்குள் இருக்கிறது.

தகராறு இப்படி வருகிறது. 2022 மே 21, சனிக்கிழமை மாலை, மத்திய அரசு டீசல் மீதான கலால் வரியை லிட்டருக்கு 6 ரூபாய் குறைத்தது. மறுநாள் சென்னையில் டீசல் 94 ரூபாய் 24 பைசாவுக்கு இறங்கியது. அடுத்த புதன்கிழமை, 25-ஆம் தேதி, டிரான்ஸ்போர்ட்காரரின் பில் கம்பெனிக்குப் போகிறது. 'வாடகை 36,000, டீசல் சர்சார்ஜ் 1,685.' கணக்குப் பிரிவு மேலாளர் உடனே போனை எடுக்கிறார்.

"ஏனுங்க அண்ணா, சனிக்கிழமையே டீசல் குறைச்சுட்டாங்க. நீங்க இன்னும் பழைய சர்சார்ஜையே போட்டு அனுப்பியிருக்கீங்க?"

இந்த இடத்தில் பெரும்பாலான டிரான்ஸ்போர்ட்காரர்கள் வழுக்கி விழுகிறார்கள். "இல்லீங்க சார், டயரு ஏறிப்போச்சு, டிரைவர் பேட்டா ஏறிப்போச்சு, டோல் ஏறிப்போச்சு, நமக்குக் கட்டுபடியாகறதில்லீங்க..." என்று ஆரம்பிப்பார்கள். சொல்வது அத்தனையும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்த வாக்கியம் வாயிலிருந்து வந்த நொடியே பேச்சு ஒப்பந்தத்தை விட்டு வெளியே போய்விடுகிறது. கட்டுபடியாகிறதா இல்லையா என்பது பேரத்துக்குரிய விஷயம். அதற்கு எதிர்முனையிலிருந்து, "எங்களுக்கும்தான் நூல் விலை கட்டுபடியாகல" என்ற பதில் வரும், நியாயமாகவே. அந்த வருஷம் நூல் விலை என்ன பாடு படுத்தியது என்று திருப்பூரில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஷரத்தைப் பிடித்துக்கொள்பவர் வேறு மாதிரி பேசுவார்.

"ஒப்பந்தத்தைக் கொஞ்சம் எடுத்து வெச்சுக்குங்க சார். ஏழாவது ஷரத்து. எந்தத் தேதி விலையைப் பார்க்கோணும்னு போட்டிருக்குதுங்க?"

"ஒண்ணாந்தேதி."

"மே ஒண்ணாந்தேதி சென்னையில என்ன விலைங்க?"

மேலாளர் கம்ப்யூட்டரில் பார்க்கிறார். 100 ரூபாய் 94 பைசா. ஏப்ரல் 6-க்குப் பிறகு மே 21 வரை விலை மாறவே இல்லை. மிச்சக் கணக்கை அவரே போட்டுவிடலாம். 91.43-லிருந்து 100.94 என்பது 10.4 சதவீத ஏற்றம். 5 சதவீத வரம்பைத் தாண்டிவிட்டது. வாடகை 36,000-இல் டீசல் பங்கு 45 சதவீதம், அதாவது 16,200. அதில் 10.4 சதவீதம் 1,685 ரூபாய். மே மாதம் 31-ஆம் தேதி வரை இதுதான். ஜூன் 1 வந்தால் புதிதாகப் பார்க்க வேண்டும்.

மேலாளர் சமாதானமாகவில்லை. சமாதானமாக வேண்டிய அவசியமும் இல்லை. "அதெப்படிங்க? குறைஞ்ச விலைக்கு டீசல் போட்டுட்டு, ஏறின விலைக்குப் பணம் வாங்கறீங்க?" என்கிறார். நியாயமான கேள்வி. அந்தப் பத்து நாளைக்கு மட்டும் பார்த்தால் அவர் சொல்வது சரிதான். 94.24 விலையில் 200 லிட்டருக்கு உண்மையில் கூடிய செலவு 562 ரூபாய். கேட்பதோ 1,685. டிரிப்புக்கு ஆயிரத்துச் சொச்சம் டிரான்ஸ்போர்ட்காரருக்கு லாபம்.

ஏப்ரல் மாதப் பில்லைப் பக்கத்தில் வைத்தால் படம் மாறும். ஏப்ரல் 1-ஆம் தேதி சென்னையில் டீசல் 97 ரூபாய் 52 பைசா. 6.66 சதவீத ஏற்றம். எனவே ஏப்ரல் முழுவதும் சர்சார்ஜ் 1,079 ரூபாய்தான். ஆனால் ஏப்ரல் 6 முதல் 30 வரை ஓடிய ஒவ்வொரு டிரிப்புக்கும் 100.94 விலையில் டீசல் போட்டார்கள். உண்மையில் கூடிய செலவு 1,902 ரூபாய். டிரிப்புக்கு 823 ரூபாய் டிரான்ஸ்போர்ட்காரர் கையை விட்டுப் போனது. மார்ச் 22 முதல் 31 வரை ஓடிய டிரிப்புகளுக்கு ஒரு பைசா சர்சார்ஜும் இல்லை. மார்ச் 1-ஆம் தேதி விலையும் அடிப்படை விலையும் ஒன்றுதானே! ஏறும்போது ஷரத்து மெதுவாக ஏறியது, இறங்கும்போதும் மெதுவாகவே இறங்குகிறது. மாத முதல் தேதியை வைத்துக் கணக்குப் போடும் எந்த ஷரத்துக்கும் இந்தக் குணம் உண்டு.

இதை மே 25-ஆம் தேதி சொன்னால் சமாளிப்பு போலத்தான் கேட்கும். ஏப்ரல் முதல் வாரத்திலேயே, "இந்த மாசம் 1,079தான் சார். விலை இன்னும் ஏறினாலும் மாசம் முடியற வரைக்கும் கேட்க மாட்டேன்" என்று ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால், மே மாதப் போனே வந்திருக்காது. ஷரத்து தனக்குச் சாதகமாக இல்லாத மாதத்தில் அதைச் சுட்டிக்காட்டிய ஆளுக்கு, சாதகமான மாதத்தில் பாதி வாதம் மிச்சம்.

ஜூன் 1 வந்தது. விலை 94.24. அடிப்படை விலையைவிட 3.07 சதவீதம்தான் அதிகம். 5 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டதால் சர்சார்ஜ் பூஜ்யம். லிட்டருக்கு 2 ரூபாய் 81 பைசா கூடுதலாகக் கொடுத்து டீசல் போட்டாலும் கேட்க முடியாது. மாதாமாதம் பழைய பில்லைக் காப்பி எடுத்துத் தேதியை மட்டும் மாற்றும் ஆபீஸ்களில் இந்த மாதம்தான் தவறு நடக்கும். சர்சார்ஜ் வரி அப்படியே இருந்துவிடும். வேண்டுமென்று செய்தது இல்லைதான். ஆனால் வாடிக்கையாளர் ஒரே ஒரு முறை இதைக் கண்டுபிடித்துவிட்டால், அதற்கு முந்தைய பில்கள் அத்தனையையும் தோண்டி எடுப்பார்.

சரி, மேலாளர் விடாப்பிடியாக ஷரத்தைக் கிண்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எங்கே கிண்டுவார்?

முதலில் சதவீதத்தில். டீசல் 10.4 சதவீதம் ஏறியது என்று பில்லோடு ஒரு துண்டுச் சீட்டு வந்தால், வாடகையையும் 10.4 சதவீதம் ஏற்றிவிட்டார்களோ என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். அப்படி ஏற்றினால் 3,744 ரூபாய். சில டிரான்ஸ்போர்ட்காரர்கள் உண்மையிலேயே அப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். அது பிசகு. வாடகையில் டிரைவர் சம்பளம், வண்டிக் கடன் தவணை, இன்ஷூரன்ஸ், டயர், டோல் எல்லாம் இருக்கின்றன. டீசல் ஏறினால் அவை ஏறுவதில்லை. அதனால்தான் 45 சதவீதம் என்று பங்கைத் தனியே எழுதுகிறார்கள். நம் கணக்கில் உண்மையான பங்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். 200 லிட்டரை 91.43-ஆல் பெருக்கினால் 18,286 ரூபாய், வாடகையில் பாதிக்கும் சற்று மேலே. ஆனால் பேசி முடித்தது 45. காலியாக நிற்கும் நேரத்தில் எரிந்த டீசல், மலைப்பாதை, ஏசி என்று எந்தக் கதை சொன்னாலும் அந்த எண் ஒப்பந்தக் காலம் முடியும்வரை நகராது.

அடுத்து வரம்பில். ஷரத்தில் வழக்கறிஞர்களுக்கு அதிகம் வேலை கொடுக்கும் இடம் இதுதான். '5 சதவீதத்துக்கு மேல் ஏறினால் வாடகை மாற்றப்படும்' என்று மட்டும் எழுதி விட்டுவிட்டால் அதற்கு இரண்டு பொருள் உண்டு. 5-ஐத் தாண்டியதும் முழு 10.4 சதவீதத்தையும் கணக்கில் எடுப்பது ஒன்று, அப்போது 1,685. முதல் 5 சதவீதத்தை டிரான்ஸ்போர்ட்காரர் தாங்கிக்கொண்டு மிச்சமுள்ள 5.4 சதவீதத்தை மட்டும் கேட்பது இன்னொன்று, அப்போது 875. ஒரே வாக்கியம், ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம். நம் ஷரத்தில் 'அந்த முழுச் சதவீதத்துக்கும்' என்ற சொற்கள் இருப்பதால் பிழைத்தோம். அவை இல்லாத ஒப்பந்தம் ஒன்று உங்கள் பீரோவில் இருந்தால், முதல் சர்சார்ஜ் பில் போடுவதற்கு முன்பே வாடிக்கையாளரிடம், "நாம இதை இப்படித்தான் எடுத்துக்கறோம்" என்று எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது. முதல் மூன்று மாதம் ஒரு விதமாகக் கணக்குப் போட்டு, நாலாவது மாதம் வேறு விதமாகப் போட்டால், எது சரி என்று சொல்ல ஷரத்தும் உதவாது, பழைய பில்லும் உதவாது.

மூன்றாவதாக, எந்த விலை என்பதில். டீசல் விலை என்றால் ஊருக்கெல்லாம் ஒரே விலைதானே என்று நினைப்போம். சென்னைக்கும் திருப்பூருக்கும் சில பைசா வித்தியாசம் உண்டு. அதுகூடச் சின்ன விஷயம். 2022 மார்ச்சில் நடந்தது பெரிய விஷயம். சில்லறை விலை உறைந்து கிடந்த நேரத்தில், மொத்தமாக வாங்குபவர்களுக்கான டீசல் விலையை எண்ணெய் நிறுவனங்கள் ஒரே அடியாக லிட்டருக்கு 25 ரூபாய் அளவுக்கு ஏற்றின. மும்பையில் பங்கில் 94 ரூபாய் 14 பைசாவுக்கு விற்ற அதே டீசல், மொத்தமாக வாங்கியவருக்கு 122 ரூபாய் 5 பைசா. சொந்த டிப்போவில் டேங்க் வைத்து மொத்தமாக வாங்கும் பெரிய டிரான்ஸ்போர்ட் கம்பெனிகளும் பஸ் கம்பெனிகளும் வண்டிகளைச் சாதாரணப் பங்குகளில் வரிசையில் நிறுத்தின. 'டீசல் விலை' என்று மட்டும் எழுதிய ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு 122 ரூபாய் பில்லை நீட்டினால் எந்த வாடிக்கையாளர் ஒப்புக்கொள்வார்? அதனால்தான் எந்த நிறுவனம், எந்த ஊர், சில்லறையா மொத்தமா என்று மூன்றையும் எழுத வேண்டியிருக்கிறது.

இதோடு ஒட்டியது இன்னொரு கேள்வி. "கச்சா எண்ணெய் உலகச் சந்தையில் சரிந்துவிட்டதே, சர்சார்ஜ் ஏன் இறங்கவில்லை?" செய்தித்தாள் படிக்கும் வாடிக்கையாளர் இதைக் கேட்காமல் இருக்க மாட்டார். 2020 ஏப்ரலில் கொரோனா ஊரடங்கின்போது அமெரிக்கக் கச்சா எண்ணெயின் எதிர்கால ஒப்பந்த விலை பூஜ்யத்துக்குக் கீழேயே போனது. இங்கே மே மாதத் தொடக்கத்தில் மத்திய அரசு டீசல் மீதான வரியை லிட்டருக்கு 13 ரூபாய் கூட்டியது. சரிவின் பலன் பங்குக்கு வந்து சேரவே இல்லை. நம் ஷரத்து பங்கு விலையோடு கட்டப்பட்டது, கச்சா எண்ணெயோடு கட்டப்பட்டது இல்லை. டிரான்ஸ்போர்ட்காரர் டேங்கில் ஊற்றுவதும் பங்கு விலைக்குத்தான். இந்தக் கேள்விக்கு இதைவிட நீளமான பதில் தேவையில்லை.

மேலாளர் கடைசியாக எடுக்கும் அஸ்திரம் வேறு. "கையெழுத்துப் போடும்போது உங்க ஆள் வந்து, அந்த ஷரத்தெல்லாம் சும்மா பேருக்கு, சர்சார்ஜ் போடவே மாட்டோம்னு சொன்னாரே!" பிசினஸ் பிடிக்க வந்தவர் அப்படிச் சொல்லியும் இருப்பார். எழுதிக் கையெழுத்திட்ட நிபந்தனையை வாய்ப்பேச்சைக் காட்டி மாற்ற முடியாது என்பது இந்திய சாட்சியச் சட்டத்தின் 92-ஆவது பிரிவு. 2024 ஜூலையிலிருந்து அமலில் உள்ள புதிய சட்டத்தில் அது 95-ஆவது பிரிவாகத் தொடர்கிறது. விதிவிலக்குகள் உண்டு, ஆனால் பொதுவான நிலை இதுதான். இந்தச் சட்டம் இரண்டு பக்கமும் வெட்டும். ஒப்பந்தத்தில் இல்லாத டோல் உயர்வை, "போன்லயே சொன்னேனுங்களே" என்று பில்லில் சேர்க்கும் டிரான்ஸ்போர்ட்காரருக்கும் இதே பதில்தான்.

டோல் விஷயத்தில் சபலம் இயல்பாகவே வரும். தமிழ்நாட்டில் பல சுங்கச்சாவடிகளில் ஏப்ரல் 1-ஆம் தேதி கட்டணம் ஏறும், மற்றவற்றில் செப்டம்பர் 1-இல் ஏறும். 2022 ஏப்ரலில் டீசலும் டோலும் ஒரே நேரத்தில் ஏறின. இரண்டையும் சேர்த்து 'டீசல் சர்சார்ஜ்' என்று ஒரே வரியில் போட்டுவிடலாமே என்று தோன்றும். அப்படிப் போட்டால் ஷரத்தைச் சுட்டிக்காட்டும் வாய்ப்பையே தூக்கி எறிந்தது போலத்தான். மேலாளர் கணக்குப் போட்டுப் பார்த்தால் 1,079 வராது. 1,079 வராத பில்லை ஏழாவது ஷரத்து காப்பாற்றாது.

ஜிஎஸ்டி பற்றியும் இதே போனில் ஒரு கேள்வி வரும். "சர்சார்ஜுக்கும் வரியா?" ஆம். சரக்குப் போக்குவரத்தோடு சேர்த்துக் கேட்கும் தொகை எதுவாக இருந்தாலும் அது அந்தச் சேவையின் மதிப்பிலேயே சேரும். வாடகைக்கு என்ன வரியோ, எந்த முறையில் யார் கட்டுகிறார்களோ, அதுவே சர்சார்ஜுக்கும். பில்லில் தனி வரியாகக் காட்டுவது கணக்கு புரிவதற்காகத்தான்.

இனி ஷரத்தே இல்லாத ஒப்பந்தம். 2022 மார்ச்சில் பலர் அந்த நிலைமையில்தான் மாட்டிக்கொண்டார்கள். "டீசல் இப்படி ஏறும்னு யாருங்க கண்டாங்க? ஓட்ட முடியாது" என்று சொன்னால் சட்டம் கேட்குமா?

உச்ச நீதிமன்றம் 1960-லேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டது, அதுவும் நெய் வழக்கில். இந்திய ராணுவத்துக்கு நெய் கொள்முதல் செய்து கொடுக்கும் முகவராக அலோபி பர்ஷாத் என்ற நிறுவனம் 1937-இல் அரசாங்கத்துடன் ஒப்பந்தம் போட்டது. நெய் வாங்கிக் கொடுக்கும் வேலைக்கான கட்டணங்கள் அதில் எழுதப்பட்டிருந்தன. இரண்டு வருஷத்தில் உலகப் போர் வந்தது. ராணுவம் பெருத்தது, கேட்ட நெய்யின் அளவும் பெருத்தது, செலவும் கூடியது. பழைய கட்டணம் அமைதிக் காலத்துக்குப் பேசியது, போர்க்காலத்துக்கு அதைக் கட்டாயப்படுத்த முடியாது என்று நிறுவனம் கூடுதல் தொகை கேட்டது. நடுவர்கள் கொடுக்கவும் செய்தார்கள். உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சூழ்நிலை மாறி ஒரு தரப்புக்குச் சுமை கூடிவிட்டது என்பதற்காக, எழுதிய கட்டணத்தை விட்டுவிட்டு 'நியாயமான' கட்டணம் என்று புதிதாக ஒன்றைப் போட்டுக்கொடுக்க முடியாது என்றது. உலகப் போருக்கே இந்தப் பதில் என்றால், லிட்டருக்கு 9 ரூபாய் 51 பைசா எம்மாத்திரம்?

2017-இல் இதையே இன்னும் பெரிய தொகைகளில் சொன்னார்கள். இந்தோனேசிய அரசு விதிகளை மாற்றியதால் இறக்குமதி நிலக்கரி விலை எகிறிவிட்டது, மின்சாரக் கட்டணத்தை உயர்த்தித் தர வேண்டும் என்று அதானி, டாடா குழும மின் நிறுவனங்கள் கேட்டன. விலை ஏறுவது மட்டுமே ஒப்பந்தத்தைத் தாண்டிப் போகக் காரணமாகாது என்றது உச்ச நீதிமன்றம். ஆக, ஷரத்து இல்லாதவர் அதிகத் தொகை கேட்கலாம், கேட்பது அவர் விருப்பம். கொடுப்பது வாடிக்கையாளரின் தயவு. கொடுத்தால் அதைத் தனியே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த மாதம் தயவாகக் கொடுத்தது அடுத்த மாதமும் கிடைக்கும் என்று எந்தத் தாளும் சொல்லாது.

டாலரில் கணக்கு ஓடும் கப்பல் கட்டணத்திலும் இதே சிக்கல் வேறு உருவத்தில் வரும். கப்பல் கம்பெனி கட்டணத்தை டாலரில் சொல்லிவிட்டு ரூபாயில் பில் போடும். 2022 ஜூலையில் டாலர் முதல்முறையாக 80 ரூபாயைத் தாண்டியபோது ஏற்றுமதியாளர்கள் பலர் பில்லில் இருந்த எண்ணைப் பார்த்துத் திகைத்தார்கள். வங்கியில் கேட்டால் ஒரு மாற்று விகிதம், சுங்கத் துறை அறிவிப்பில் இன்னொன்று, கப்பல் கம்பெனி தானே நிர்ணயித்தது வேறொன்று. எதன்படி, எந்தத் தேதியில் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் அதைக் காட்டி முடித்துவிடலாம். 'நடைமுறையில் உள்ள விகிதம்' என்று எழுதியிருந்தால் ஒருவருக்கும் பயனில்லை. டீசலில் '91.43, சென்னை, முதல் தேதி' செய்யும் வேலையை இங்கே மாற்று விகிதத்தின் பெயரும் தேதியும் செய்ய வேண்டும்.

மறுபடி திருப்பூருக்கே வருவோம். மாத முதல் வாரத்தில், முதல் பில்லுக்கு முன்னால், டிரான்ஸ்போர்ட்காரர் கம்பெனிக்கு அனுப்பும் மின்னஞ்சல் எப்படி இருக்கலாம்? "டீசல் விலை உயர்வு காரணமாகக் கட்டணத்தை உயர்த்துகிறோம், ஒத்துழைப்பு தரவும்" என்று எழுதினால் அது வேண்டுகோள். வேண்டுகோளை மறுக்கலாம். இதைவிடச் சின்னதாகவே எழுதலாம்:

"ஒப்பந்தம் ஷரத்து 7-இன்படி மே மாத டீசல் சர்சார்ஜ். அடிப்படை விலை 91.43 (மார்ச் 1). மே 1 விலை 100.94 (இந்தியன் ஆயில், சென்னை, சில்லறை, விலைப் பக்கத்தின் நகல் இணைப்பு). ஏற்றம் 10.4 சதவீதம். டீசல் பங்கு 16,200. சர்சார்ஜ் டிரிப்புக்கு 1,685. மே 1 முதல் 31 வரை ஏற்றும் சரக்குகளுக்கு. ஜூன் 1 விலைப்படி மறுகணக்கு அனுப்புவோம்."

இதில் உயர்த்துகிறோம் என்ற சொல்லே இல்லை. மன்னிப்பும் இல்லை. படிப்பவர் ஒவ்வொரு எண்ணையும் தானே சரிபார்த்துக்கொள்ள முடியும், தவறிருந்தால் எந்த வரியில் தவறு என்று விரலை வைத்துக் காட்டவும் முடியும். கடைசி வரிதான் முக்கியம். விலை இறங்கினால் நாங்களே முன்வந்து சொல்வோம் என்று அது ஒப்புக்கொள்கிறது. ஜூன் 1 அன்று, "இந்த மாதம் ஏற்றம் 3.07 சதவீதம், சர்சார்ஜ் இல்லை" என்று ஒரு மின்னஞ்சல் தானாகப் போய்ச் சேர்ந்தால், அடுத்த முறை வரும் சர்சார்ஜைப் பற்றி மேலாளர் போன் செய்ய மாட்டார். பாஸ் செய்து விடுவார்.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உறவு கெட்டுவிடக் கூடாதே என்று ஏப்ரலிலும் மேயிலும் சர்சார்ஜ் கேட்காமல் இருந்துவிட்டு, தீபாவளி போனஸுக்குப் பணம் தேவைப்படும்போது, "ஷரத்து இருக்குதுங்களே" என்று இரண்டு மாதத்துக்கும் சேர்த்து ஒரே பில்லாக அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஷரத்து அவர்கள் பக்கம்தான். ஆனால் வாடிக்கையாளர் அந்த மாதக் கணக்கை முடித்து, தன் சரக்கின் அடக்க விலையைப் போட்டு, வெளிநாட்டுக்காரரிடம் விலை பேசிப் பணமும் வாங்கி முடித்திருப்பார். 'நீங்கள் அப்போது வேண்டாம் என்று விட்டுக்கொடுத்துவிட்டீர்கள்' என்று அவர் வாதாடவும் இடம் உண்டு. அந்தந்த மாதச் சர்சார்ஜை அந்தந்த மாதப் பில்லிலேயே போட்டுவிட வேண்டும். இந்த முறை சலுகை தருவதென்றாலும் பில்லில் 1,685 என்று காட்டி, அதன் கீழே 'சலுகை' என்று கழித்து எழுதுவதுதான் பாதுகாப்பு.

வாடிக்கையாளராக இருப்பவரும் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஷரத்தில் 'ஏறியோ இறங்கியோ' என்று இரண்டு சொல்லும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'ஏறினால்' என்று மட்டும் இருக்கும் ஒப்பந்தங்கள் நிறையப் புழங்குகின்றன. டீசல் உச்சத்தில் இருக்கும் மாதத்தில் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் அந்த ஒரு சொல் இல்லையென்றால் நஷ்டம் முழுக்க வாடிக்கையாளருக்குத்தான். 2022 ஏப்ரலில் 100.94-ஐ அடிப்படை விலையாக வைத்துக் கையெழுத்துப் போட்டவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் 1 அன்று விலை 6.6 சதவீதம் குறைவு. 'இறங்கியோ' என்ற சொல் இருந்தால் டிரிப்புக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் வாடகை குறைந்திருக்கும். இல்லாவிட்டால் பழைய வாடகைதான்.

உங்கள் கம்பெனி வண்டி அனுப்பும் பக்கமாக இருந்தாலும் சரி, சரக்கு கொடுக்கும் பக்கமாக இருந்தாலும் சரி, இந்த வாரம் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். அடிப்படை விலையும் அதன் தேதியும் அதில் எழுதியிருக்கிறதா? எந்த ஊர், எந்த நிறுவனத்தின் விலை என்று இருக்கிறதா? வாடகையில் டீசலுக்கு எத்தனை சதவீதம்? வரம்பைத் தாண்டினால் முழு ஏற்றமா, மிச்சம் மட்டுமா? இவற்றில் ஒன்று விடுபட்டிருந்தாலும், டீசல் விலை அசையாமல் இருக்கும்போதே எதிர்த்தரப்பிடம் பேசி எழுதிக்கொள்ளுங்கள். விலை ஏறத் தொடங்கிய பிறகு அதே வாக்கியத்தை எழுத இரண்டு பேரும் சம்மதிப்பது கடினம்.